டார்ச்லைட்டின் தலையை எங்கே வெட்டுவது?

3டி பயிற்சியின் இறுதி ஒப்படைப்புக்கு நான் எடுத்தது ஒரு டார்ச்லைட். அதன் மேல் பெயின்ட் படத்தை ஒட்ட, மாடலின் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரிக்க வேண்டும். இதுதான் யூவி விரிப்பு. கைப்பிடி நேரான உருளை: ஆரம் 2 செ.மீ., நீளம் 12. தலைப்பகுதி கழுத்தில் 2 செ.மீ. ஆரத்தில் தொடங்கி, கண்ணாடி விளிம்பில் 4 ஆக விரியும். அதன் சாய்வு நீளம் 4 செ.மீ.

முதல் முயற்சியில் பிளெண்டரின் Smart UV Project-ஐ அழுத்தினேன். பெவல் கொடுத்து மழுங்கலாக்கிய ஒவ்வொரு விளிம்பும் தனித் துண்டாகச் சிதறியது. துண்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியே படத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அடுத்த முறை நேர் எதிராகப் போனேன். பின்பக்கம் நீளவாக்கில் ஒரே சீம், அதாவது வெட்டுக்கோடு, மூடிக்கு இன்னொன்று, அவ்வளவுதான். இப்போது கழுத்துப் பக்கம், விரிப்பைச் சோதிக்க மாடல் மேல் போட்ட செக்கர் கட்டங்கள் கோணலாக இழுபட்டன.

காரணம் எளிது. ஒரு காகிதக் கோப்பையை நீளவாக்கில் வெட்டி விரித்துப் பாருங்கள். வளைந்த விசிறிதான் கிடைக்கும். கைப்பிடியோ விரித்தால் கிட்டத்தட்ட சதுரம், 12.6-க்கு 12. ஒரே கழுத்து விளிம்பு கைப்பிடிக்கு நேர்கோடாகவும் தலைக்கு வளைவாகவும் இருக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று இழுபட்டே தீரும். அதனால் கழுத்தைச் சுற்றி ஒரு சீம் போட்டேன். அங்கே ஏற்கெனவே கூர்மையான மடிப்பு இருந்ததால் வெட்டு கண்ணில் படவில்லை.

அப்புறம் கைப்பிடியை Follow Active Quads கொண்டு நேராக்கினேன். தலையையும் அப்படியே செவ்வகமாக்கலாமே என்ற ஆசை வந்தது. செய்யாதீர்கள். சராசரி அகலம் 18.8 வைத்தால், கழுத்தின் 12.6 சுற்றளவு ஒன்றரை மடங்கு இழுபடும். விரிந்த விளிம்பின் 25.1 முக்கால் பங்காகச் சுருங்கும். பெயின்ட் கீறல்கள் மேலே ஒரு அளவிலும் கீழே வேறு அளவிலும் தெரியும். லேசாகச் சரியும் குழாய் என்றால் நேராக்குவதில் தவறில்லை, இதில் முடியாது.

விசிறியாகவே விட்டால் அது சரியாக அரை வளையம்: வெளி ஆரம் 8, உள் ஆரம் 4. அதை அடக்கும் 16-க்கு 8 பெட்டியில் 59 சதவீதம்தான் நிரம்பும். மிச்சத்தை வீணாக்க வேண்டியதில்லை. சுவிட்ச் பொத்தானின் துண்டுகளை உள்வளைவுக்குள் கையால் நுழைத்தேன். Pack Islands தானாக அவ்வளவு நெருக்கமாக அடுக்கவில்லை.

இன்னொன்று. விரிப்பதற்கு முன் Ctrl+A கொடுத்து Scale-ஐ அப்ளை செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டிய மாடலை பிளெண்டர் பழைய அளவிலேயே விரிக்கும். அப்போது யூவி எடிட்டரின் Display Stretch இழுபாடே இல்லை என்று எங்கும் நீலமாகக் காட்டினாலும், மாடல் மேல் செக்கர் கட்டங்கள் நீண்டு கிடக்கும். நான் ஒரு மாலை முழுக்க சீமைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி இதுதான்.