மணி ஏழு இருபது

நேற்று சாயங்காலம் மாடித் தம்பிக்கு வாடகை பாக்கியை ஞாபகப்படுத்தி ஒரு மெசேஜ் போட்டேன். ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. எட்டு மாதத்தில் அவரிடமிருந்து இவ்வளவு சீக்கிரம் எனக்கு வந்த பதில் இது ஒன்றுதான்.

"அக்கா, மணி ஏழு இருபது."

எனக்குப் புரியவில்லை. மணி என்னிடமும் இருக்கிறதே! எங்கூட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்துவிட்டு, "சரியான மணிதான்" என்றார். இந்த மனிதரை நம்பித்தான் நான் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

மாடித் தம்பிக்கு என்ன வேலை தெரியுமா? கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பைனான்ஸில் கலெக்‌ஷன். ஊர் முழுக்க பைக்கில் போய் யார் யார் தவணை கட்டவில்லை என்று பார்த்து வாங்கிக்கொண்டு வருகிற ஆள், எங்கள் வீட்டில் தவணை தவறாமல் தவணை தவறுகிறார்.

வாடகை 6,500. அக்ரிமெண்டில் ஐந்தாம் தேதி என்று போட்டிருக்கிறது. முதல் மாதம் பதினொன்றாம் தேதி ஆகியும் வராதபோது நான் எழுதிய மெசேஜை இன்னும் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குக் காட்ட. "தம்பி, சாப்பிட்டாச்சுங்களா? பாப்பாவுக்குக் காய்ச்சல் தேவலையா? ஒன்னும் அவசரமில்லைங்க, முடிஞ்சப்ப வாடகை மட்டும் பார்த்துக்குங்க." அதற்கு வந்த பதில்: "தேவலை அக்கா." அப்புறம் ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

அவர் மேல் தப்பே இல்லை. மூன்று விஷயம் கேட்டேன், சுலபமான ஒன்றுக்குப் பதில் சொன்னார். பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதினேன். "முடிஞ்சப்ப" என்றேன், அவருக்கு முடியவில்லை. எவ்வளவு, எந்த மாதத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஒன்றுமே அதில் இல்லை. காய்ச்சலை விசாரித்த மெசேஜாகவே அது போய்ச் சேர்ந்துவிட்டது.

ரெண்டாவது மாதம் எனக்குக் கோபம். "வாடகை இன்னும் வரவில்லை." இவ்வளவுதான் எழுதினேன், கடைசியில் முற்றுப்புள்ளியோடு. "தம்பி" இல்லை, "ங்க" இல்லை, ஏதோ தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரி. பணம் அரை மணி நேரத்தில் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவர் சம்சாரம் மொட்டை மாடிக் கொடியிலிருந்த துணியை என் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனாள். பாப்பாவைக் கூப்பிட்டேன், அதுவும் நிற்கவில்லை. நாலு வயசுக் குழந்தைக்கு முற்றுப்புள்ளியின் அர்த்தம் எப்படித் தெரிந்தது? பத்து நாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் மட்டும்தான் போய் வந்தது.

அந்தப் பத்து நாளும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அத்தை தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடச் சொன்னார்கள். மாடிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் வாடகை தானாகக் கீழே இறங்குமாம். பாலக்காட்டில் வக்கீலாக இருக்கிற எங்கள் நாத்தனார் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வால்வைத் தொட்டால் நீங்கதான் மாட்டுவீங்க. குடியிருக்கிறவங்களோட தண்ணி, கரண்ட்டுல வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாதுன்னு கேரளா வாடகைச் சட்டத்துலயே இருக்கு" என்றார். 1965-ல் போட்ட சட்டமாம். வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போவதென்றாலும் முதலில் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்குக் கிடைத்த பதினைந்து நாளைக்குள் பாக்கியை ஆறு சதவீத வட்டியோடும் தபால் செலவோடும் கட்டிவிட்டால் அந்தக் கேஸ் போட வழியில்லை. அத்தை "ஆறு சதவீதம்" என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். வருஷத்துக்கு ஆறு. 6,500 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா. "இதுக்கா பாலக்காட்டுக்கு பஸ் ஏறுறது?" என்று அத்தை மறுபடி சாய்ந்துகொண்டார்கள்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்பது எங்கூட்டுக்காரர் யோசனை. பேசவே வேண்டியிருக்காதாம், அதனால் அவருக்குப் பிடித்திருக்கிறது. கழித்துக்கொண்டே போனால், காலி பண்ணுகிற அன்றைக்கு சுவரில் இருக்கிற பாப்பாவின் ஓவியங்களுக்கு யார் வெள்ளையடிப்பது?

பக்கத்து வீட்டு டீச்சர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். "மலையாளத்துல அயச்சு நோக்கு. 'அனுப்பணும்'ங்கிறதுக்கு 'அயக்கணம்'னு போட்டா ஆர்டர். 'அயக்கணே'ன்னு போட்டா அபேட்சை." ஒரு மெய்யெழுத்தை எடுத்துவிட்டு வாயைக் கொஞ்சம் நீட்டினால் அதிகாரம் கெஞ்சலாகிவிடுகிறது. நம் பாஷையில் இந்த வசதி இல்லையே என்று பொறாமையாக இருந்தது. அப்புறம் யோசித்தால், நமக்குத்தான் "ங்க" இருக்கிறது. "அனுப்பிடுங்க" என்றால் சொல்கிறேன், செய் என்று அர்த்தம். "அனுப்பிடறீங்களா" என்றால் பதில் சொல்லு என்று அர்த்தம். "அனுப்பிடுங்கங்க" என்று ரெண்டு "ங்க" போட்டால், கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பாலக்காட்டுப் பக்கத்து இந்த சித்தூரில் வந்து நான் இப்படிப் படையெடுப்பதே ஒரு வேடிக்கை. கொங்கு ராஜா படையோடு வந்து பகவதியிடம் தோற்றான் என்று வருஷா வருஷம் கொங்கன் படை என்று திருவிழா கொண்டாடுகிற ஊர். எங்கள் ஆள் தோற்றதை வாழ வந்த ஊரில் பொரி தின்றுகொண்டே வேடிக்கை பார்க்கிறவள் நான். இங்கே ஓடுகிற ஆற்றுக்குப் பெயர் சோகநாசினி. துக்கத்தைப் போக்குமாம். எட்டு மாதமாகப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

மூன்றாவது மாதம் நான் மெசேஜே போடவில்லை. பால் பாக்கெட் எடுக்க அவர் இறங்கி வந்தபோது, தனியாக, "தம்பி, உங்களுக்குச் சம்பளம் எப்பங்க வரும்?" என்று கேட்டேன். வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் பாதிதான், மீதி இன்சென்டிவ், வசூல் கணக்கு முடிந்து பத்தாம் தேதிதான் விழும் என்றார். அந்தப் பாதி ஸ்கூல் பீஸ், வண்டித் தவணை, மளிகை என்று மூன்றாம் தேதியே காலி. அப்புறம் ஐந்தாம் தேதிக்கு எங்கிருந்து வாடகை வரும்? வேண்டுமென்றே இழுக்கிறவராக இருந்தால் ஒரு மாதம் ஏழு, ஒரு மாதம் இருபத்தைந்து என்று தேதி தாறுமாறாக இருக்கும். இவர் ரெண்டு மாதமும் பதினொன்று, பன்னிரண்டிலேயே நின்றிருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை. அக்ரிமெண்டின் பின்பக்கம் ஐந்தை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்கூட்டுக்காரர் சாட்சி. அதற்கும் கண்ணாடி தேடினார்.

அதிலிருந்து மெசேஜ் பத்தாம் தேதியே போய்விடும், தவறிய பிறகு இல்லை. "தம்பி, இந்த மாச வாடகை 6,500 பன்னெண்டாம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க. முடியலைன்னா எந்தத் தேதின்னு இன்னைக்கே சொல்லிடுங்க." காய்ச்சல் விசாரிப்பது தனியாக, நேரில். பணம் வந்ததும் "6,500 வந்துச்சு தம்பி" என்று ஒரு வரி. நாலு மாதம் தேர் மாதிரி ஓடியது. மாடியிலிருந்து கொழுக்கட்டை வந்தது. தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று அத்தை முறுக்கு வைத்து அனுப்பினார்கள்.

இந்த மாதம் 4,000 வந்தது. கூடவே "மீதி இருபதாம் தேதி அக்கா" என்று ஒரு வரி. "4,000 வந்துச்சு. மீதி 2,500 இருபதாம் தேதி" என்று நானும் எழுதி வைத்தேன். எழுதாமல் விட்டால், அடுத்த மாதம் அது ரெண்டாயிரமா மூவாயிரமா என்று ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு ஞாபகம் இருக்கும். நேற்று இருபது. பகல் முழுக்கப் பொறுத்தேன். ஏழு மணிக்கு மேல் ஆளைக் காணோம், பணத்தைக் காணோம். ரெண்டு "ங்க" போட்டு அனுப்பினேன். வந்த பதிலைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வந்தார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, கடன் வசூலுக்குக் காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. எங்களுக்கு மீட்டிங்ல தினமும் படிச்சுக் காட்டுவாங்க" என்று சிரித்தார்.

"தம்பி, அது லோனுக்கு. இது வாடகை" என்றேன்.

"எனக்கும் தெரியும் அக்கா. பத்து நாளா ஏழு மணி ஆனதும் போனைப் பையில போட்டுட்டு வர்றேன். யாருமே கட்டலை. இன்சென்டிவும் பாதிதான் வந்துச்சு. வீட்டுக்கு வந்து போனை எடுத்தா உங்க மெசேஜ். ஒரு நிமிஷம் நான்தான் கஸ்டமர்னு தெரிஞ்சது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நெற்றியில் ஹெல்மெட் பதிந்த கோடு சிவப்பாக இருந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். இப்போது கேட்கலாம், மெசேஜில் இல்லையே.

இன்றைக்குக் காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி மூன்று நிமிஷத்துக்கு அதே மெசேஜை மறுபடி அனுப்பினேன், ஒரு "ங்க" மட்டும் வைத்து. எட்டு நாலுக்கு 2,000 வந்தது. "500 சனிக்கிழமை அக்கா." "2,000 வந்துச்சு. மீதி 500 சனிக்கிழமை" என்று போட்டேன்.

எட்டரைக்குப் பாப்பா ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. நாங்கள் முறுக்கு வைத்து அனுப்பிய அதே தட்டு. அதில் உண்ணியப்பம், இன்னும் சூடாக. அத்தை தட்டை வாங்கித் திண்ணையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பன்னிரண்டு.

"இது அசல்ல சேருமா, வட்டியில சேருமா?" என்றார்கள்.