28 செகண்ட் பாட்டும் ஒரு மஞ்சள் டாலரும்

பழைய தையல் மெஷின சரி பண்ற வீடியோ ஒன்னு எடுத்திருந்தேன், மொத்தம் 11 நிமிஷம் 40 செகண்ட். யூடியூப் ஸ்டுடியோல ஏத்திட்டு, காப்பிரைட் பிரச்சனை இருக்கா, விளம்பரம் போட ஏத்ததான்னு யூடியூப் ரெண்டு சோதனை பண்ற Checks பக்கத்துக்கு வந்து உக்காந்தேன். முன்னாடியெல்லாம் அது ஓடிட்டு இருக்கும்போதே பப்ளிக் பண்ணிட்டு போயிருவேன், அப்படி பண்ணவும் விடும், ஆனா பிரச்சனை இருந்தா அது வீடியோ வெளிய போன அப்புறம்தான் தெரியும், ஆள் அதிகமா பாக்குற முதல் சில மணி நேரம் அதுலயே போயிரும். அதனால இந்த தடவை பிரைவேட்ல வச்சிட்டு காத்திருந்தேன்.

ஒரு அஞ்சு நிமிஷத்துல ரெண்டுமே வந்துருச்சு, ரெண்டுலயும் பிரச்சனை. காப்பிரைட் வரில ஒரு கிளைம், விளம்பர வரில மஞ்சள் டாலர்.

முதல்ல காப்பிரைட். கிளைம்னு பாத்ததும் ஸ்ட்ரைக்கோன்னு பதறிட்டேன், அது வேற இது வேற. ஒருத்தரோட பாட்டு உள்ள இருக்குன்னு சிஸ்டம் தானா கண்டுபிடிச்சு அவங்க பேர்ல உரிமை கேக்குற கன்டென்ட் ஐடி கிளைம்ங்கறது அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான், சேனல் மேல ஸ்ட்ரைக் விழாது. பாட்டோட ஓனர் வீடியோவ எடுக்கச் சொல்லி முறையா கோரிக்கை குடுத்தாதான் ஸ்ட்ரைக், 90 நாளைக்குள்ள அது மூணு ஆனா சேனலுக்கே ஆபத்து. அதனால முடிவுல நீங்க பாக்க வேண்டியது கிளைம் இருக்காங்கறத விட அதனால என்ன ஆகுதுங்கறததான். வீடியோவையே தடுக்குறாங்களா, இல்ல ஓடட்டும் விளம்பரக் காசு எங்களுக்குன்றாங்களா, இல்ல எத்தன பேர் பாக்குறாங்கன்னு சும்மா கணக்கு மட்டும் பாக்குறாங்களா. எனக்கு வந்தது ரெண்டாவது.

டீடெயில்ஸ திறந்தா 4:18-லேர்ந்து 4:46 வரைக்கும்னு இருந்துச்சு. அந்த இடத்த ஹெட்போன் போட்டு கேட்டேன், நான் நூல் டென்ஷன் எப்படி வைக்கணும்னு பேசிட்டு இருக்கேன், பின்னாடி பக்கத்து ரூம்ல ரேடியோ மெலிசா பாடிட்டு இருக்கு. எடிட் பண்ணும்போது என் காதுல விழவே இல்ல, சிஸ்டம் கண்டுபிடிச்சிருச்சு. வெறும் 28 செகண்ட், ஆனா அதுக்காக மொத்த வீடியோவோட வருமானமும் அவங்களுக்குப் போகும்ங்கறதுதான் எனக்கு தாங்கல.

பாட்ட மட்டும் அழிக்குற ஆப்ஷன் அங்கயே இருக்கு, அந்தப் பகுதிய வெட்டலாம், மொத்த சத்தத்தையும் மியூட் பண்ணலாம். வெட்டினா டென்ஷன் விளக்கம் போயிரும், வீடியோவே அதுக்குத்தான். பாட்ட அழிச்சா என் குரலும் கிணத்துக்குள்ள பேசுற மாதிரி ஆச்சு. கிளைம் தப்புன்னு டிஸ்ப்யூட் போடலாம், ஆனா பாட்டு அவங்களோடதுதானே, உரிமையே இல்லாம போடறது தப்பு, லைசென்ஸ் கையில இருக்குறவங்க போடணும். அதுக்கும் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் டைம் இருக்கு. வீடியோ இன்னும் வெளிய போகல, ஒரு வியூ கூட இல்ல, அதனால அந்த 28 செகண்டுக்கு மட்டும் குரல திரும்ப ரெகார்ட் பண்ணி புது ஃபைலா ஏத்துறதுன்னு முடிவு பண்ணேன்.

அடுத்து மஞ்சள் டாலர், அதாவது விளம்பரம் கொஞ்சமா வரும் இல்ல வராமலே போகலாம். இதுல எனக்கு எந்த செகண்டுன்னு காட்டல, அதான் கஷ்டம். அப்லோட் பண்ணும்போது வீடியோல என்னென்ன இருக்குன்னு நம்மகிட்டயே ஒரு கேள்விப் பட்டியல் கேக்கும்ல, நான் வழக்கம்போல எதுவுமே இல்லன்னு டிக் போட்டிருந்தேன். இது தையல் மெஷின் வீடியோதானேன்னு நினைச்சது தப்பு. 9-வது நிமிஷத்துல ஊசி என் விரல்ல இறங்கி ரத்தம் வந்தத க்ளோஸப்ல விட்டிருந்தேன், பத்தாததுக்கு தம்ப்நெயில்லயும் அதே விரல். வீடியோ மட்டும் இல்ல, தலைப்பு தம்ப்நெயில் எல்லாத்தையும் சேர்த்துதான் பாக்குறாங்க, அத மறந்துட்டேன்.

மனுஷங்க பாக்கணும்னு ரிவ்யூ கேக்கலாம், ஆனா அந்த முடிவு வந்துட்டா அதுதான் கடைசி. ரத்தம் நிஜமாவே இருக்கும்போது எதுக்கு கேக்கணும்னு அந்த ரெண்டு செகண்ட் ஷாட்ட எடுத்துட்டேன், தம்ப்நெயில்ல மெஷின மட்டும் வச்சேன், காயம் பட்டத வாயால சொல்ற இடத்த அப்படியே விட்டேன்.

புது ஃபைல ஏத்தி கேள்விப் பட்டியல இந்த தடவை ஒவ்வொரு வரியா படிச்சு பதில் போட்டேன். காப்பிரைட்ல ஒன்னும் இல்லன்னு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல டாலரும் பச்சை. ஆனா இந்த ரிசல்ட் இறுதியானது இல்லன்னு அங்கயே எழுதியிருக்கு, அது சும்மா சொல்றது இல்ல, பின்னாடி ஓனர் யாராவது கையால கிளைம் போடலாம், விளம்பர நிலையும் மாறலாம். அதனால பழைய ஃபைல டெலீட் பண்ணிட்டு, குரல் திரும்ப பேசின ப்ராஜெக்ட்ட மட்டும் கம்ப்யூட்டர்ல பத்திரமா வச்சிட்டு, மறுநாள் காலைல பப்ளிக் ஆகுற மாதிரி ஷெட்யூல் பண்ணேன்.