கட்டி முடிக்காத வீட்டிலிருந்து விலகி, கட்டிய பணத்தை வட்டியுடன் திரும்பப் பெற்றது

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு அடுக்குமாடித் திட்டத்தில் 2021 செப்டம்பரில் வீடு பதிவு செய்தோம். அன்றைய வழக்கப்படி, நிலத்தின் பிரிக்கப்படாத பாகத்துக்கு, அதாவது யு.டி.எஸ்.ஸுக்கு, தனிக் கிரையப் பத்திரமும், கட்டடத்துக்குத் தனிக் கட்டுமான ஒப்பந்தமும் பதிவாயின. வீட்டை 2024 மார்ச் இறுதிக்குள் ஒப்படைப்பதாகவும், அதற்கு மேல் ஆறு மாதச் சலுகைக் காலம் உண்டு என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. சலுகைக் காலமும் 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, எங்கள் தளத்தில் பூச்சு வேலையே தொடங்கியிருக்கவில்லை. லிஃப்ட் வரவேண்டிய குழியைப் பிளைவுட் பலகையால் அடைத்து வைத்திருந்தார்கள்.

விலகுவதென்று முடிவு செய்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிடம் தெரிவித்ததும், அவர்கள் அச்சடித்த ரத்துப் படிவம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்திட்டு அனுப்பினால் "பிராசஸ்" செய்துவிடுவதாகச் சொன்னார்கள். "எனது சொந்தக் காரணங்களுக்காக முன்பதிவை ரத்து செய்ய விரும்புகிறேன்" என்று அந்தப் படிவம் தொடங்கியது. வாங்குபவர் தாமாக ரத்து செய்தால் மொத்த விலையில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை வட்டியில்லாமல் தரலாம் என்ற விதி ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருந்தது. அந்த விதிக்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அந்தப் படிவத்தின் வேலை. நாங்கள் அதில் கையெழுத்திடவில்லை. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-இன் 18(1) பிரிவு சொல்வது வேறு: ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீட்டை ஒப்படைக்கத் தவறினால், திட்டத்திலிருந்து விலக விரும்பும் வாங்குபவருக்கு, அவர் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தரக் கட்டுநர் கடமைப்பட்டவர். எனவே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிய எங்கள் கடிதத்தில் 'ரத்து' என்ற சொல்லையே தவிர்த்து, ஒப்படைப்புத் தேதி தவறியதால் 18(1) பிரிவின் கீழ் திட்டத்திலிருந்து விலகுகிறோம் என்று மட்டும் எழுதினோம்.

இந்தக் கடிதத்தைக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கிடைப்பதற்கு முன் அனுப்பிவிடுவது நல்லது. சான்று வந்த பிறகு, "வீடு தயார், வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கட்டுநர் வாதிட இடம் கிடைத்துவிடும்.

பதில் வராததால், 2024 நவம்பரில் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் எம்-இல் புகார் செய்தோம். பணத்தையும் வட்டியையும் கேட்பதற்கு இந்தப் படிவம். மன உளைச்சல் போன்றவற்றுக்கு இழப்பீடு கேட்பதானால் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் படிவம் என்-இல் தனியாகப் போகவேண்டும். 2021 நவம்பரில் வந்த நியூடெக் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைத் தெளிவாக்கியதோடு, தாமதத்துக்காக விலகுபவரின் பணம் திரும்பப் பெறும் உரிமை நிபந்தனையற்றது என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், வழக்கு அதிலேயே சிக்கி இழுபடும்.

விசாரணையில் எங்களுக்கு அதிகம் உதவியது, கட்டுநரே ஆணையத்தின் இணையதளத்தில் பதிவேற்றியிருந்த காலாண்டு அறிக்கைதான். அதில் எங்கள் பிளாக்கின் உட்புற வேலைகள் முடியவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆகவே தாமதத்தை அவர்கள் மறுக்கவில்லை; திட்டத்தின் பதிவுக் காலத்தை ஆணையமே 2025 டிசம்பர் வரை நீட்டித்திருக்கிறது, எனவே தாமதம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார்கள். இது பழைய வாதம். பதிவு நீட்டிப்பு கட்டுநருக்கும் ஆணையத்துக்கும் இடையிலான விஷயம். அது எங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தேதியை மாற்றிவிடாது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2017-லேயே நீல்கமல் வழக்கில், தாமதத்தை ஒப்பந்தத் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று கூறியிருப்பதை எங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார்.

உண்மையான இழுபறி வட்டி எந்த நாளிலிருந்து என்பதில் இருந்தது. தமிழ்நாட்டு விதிகளின்படி, வட்டி விகிதம் என்பது, பாரத ஸ்டேட் வங்கி தன் கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதங்களில் மிக உயர்ந்ததோடு 2 சதவீதம் சேர்த்தது. அப்போது அது 9.10 ஆக இருந்ததால் எங்களுக்கு 11.10 சதவீதம் வந்தது. ஒப்படைப்புத் தேதி தவறிய நாளிலிருந்துதான் வட்டி என்றது கட்டுநர் தரப்பு. ஒவ்வொரு தவணையும் கட்டிய நாளிலிருந்து என்றோம் நாங்கள். 2021 நவம்பர் 15 அன்று கட்டிய 10 லட்சம் ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே 15 வரை, எங்கள் கணக்கில் மூன்றரை ஆண்டுக்குத் தனிவட்டி 3,88,500 ரூபாய். அவர்கள் கணக்கில் ஏழரை மாதத்துக்குச் சுமார் 69,000 ரூபாய். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது எண், தேதி, தொகை, வட்டி என்று அட்டவணை போட்டு மனுவோடு இணைத்திருந்தோம். வங்கி கட்டுநருக்கு நேரடியாக விடுவித்த கடன் தொகையும் நாங்கள் கட்டியதாகவே அதில் சேர்ந்திருந்தது. 2025 மே மாதம் வந்த ஆணை அந்த அட்டவணையை ஏற்று, 90 நாளுக்குள் முழுத் தொகையையும் தரச் சொன்னது.

அந்த 90 நாளும் கடந்தன, பணம் வரவில்லை. கட்டுநர் மேல்முறையீட்டுக்கும் போகவில்லை; போவதானால், தீர்ப்பாயம் மேல்முறையீட்டை விசாரிப்பதற்கு முன் எங்களுக்குத் தரவேண்டிய தொகை முழுவதையும் வட்டியோடு டெபாசிட் செய்யவேண்டும் என்று 43(5) பிரிவு சொல்கிறது. ஆகவே 40(1) பிரிவின் கீழ் நிறைவேற்று மனு போட்டோம். அந்தப் பிரிவின்படி, நிலுவைத் தொகையை நில வருவாய் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். சொத்து ஜப்தி வரை போகலாம். மனுவின் நகல் கிடைத்த பிறகுதான் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து முதல் தொலைபேசி அழைப்பு வந்தது.

யு.டி.எஸ். எங்கள் பெயரில் பதிவாகியிருந்ததால் இன்னொரு முடிச்சு மிச்சம் இருந்தது. நீங்கள் முதலில் ரத்து ஆவணத்தில் கையெழுத்திடுங்கள், பணம் பிறகு என்றார்கள். ஆணையிலோ, பணம் பெற்றுக்கொண்ட பின் கட்டுநரின் செலவில் யு.டி.எஸ். பத்திரத்தை நாங்கள் ரத்து செய்து கொடுக்கவேண்டும் என்றுதான் இருந்தது. அந்த வரியை விட்டுவிட நாங்கள் தயாராக இல்லை. கடைசியில் ஒரே நாளில் எல்லாம் நடந்தது. முந்தைய வாரமே கடன் பாக்கிக்கான டி.டி. வங்கிக்குப் போய், வங்கி தன் அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைத் தயார் செய்திருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில், எங்கள் பங்குக்கான டி.டி.யை வாங்கி எண்ணையும் தொகையையும் சரிபார்த்து, அந்த எண்ணை ரத்து ஆவணத்திலேயே எழுதவைத்த பிறகுதான் கைரேகை வைத்தோம். சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், அடமான ரசீதும் ரத்து ஆவணமும் பதிவாகியிருந்தன.

யு.டி.எஸ். பத்திரத்துக்குக் கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்தத் தொகையில் சேரவில்லை. அதை நஷ்டமாகக் காட்டித் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் படிவம் என்-இல் தனி மனு போட்டிருக்கிறோம். அது இன்னும் விசாரணையில் இருக்கிறது. வட்டித் தொகையில் கட்டுநர் பிடித்த டி.டி.எஸ். எங்கள் வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் அறிக்கையில் வந்துவிட்டது. அந்த வட்டியை அந்த ஆண்டின் வருமானத்தில் காட்டவேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார்.