ஒரே ஃபவுண்டரிக்கு இரண்டு வெண்டர் கோடு

2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம். செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை எங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. சப்ளையர்கள் தாக்கல் செய்யும் பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் 14-ஆம் தேதி போட்டுத் தருவதுதான் 2பி. அதில் எங்களுக்கு வார்ப்படம் கொடுக்கும் ஒரு ஃபவுண்டரியின் பில் ஒரு தடவை இருந்தது. எங்கள் கணக்கில் அதே பில் இரண்டு தடவை. சரக்கு 3,27,500, வரி 58,950, மொத்தம் 3,86,450 ரூபாய். வரிக் கழிவை இரண்டு முறை எடுத்திருந்தோம். அதைவிட மோசம், பணத்தையும் இரண்டு முறை அனுப்பியிருந்தோம்.

ஃபவுண்டரிக்குப் போன் போட்டேன். ஃபவுண்டரிக்காரர் பதறவே இல்லை. "சார், நீங்க அடுத்த ஆர்டருக்கு அட்வான்ஸ் போட்டிருக்கீங்கன்னு நினைச்சோம்" என்றார். அவர்கள் லெட்ஜரில் அட்வான்ஸ் என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். நல்ல மனிதர், அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

எப்படி நடந்தது என்று தோண்டியபோது, தப்பு செய்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை. சரக்கோடு வந்த பில்லை இரண்டாவது யூனிட் ஸ்டோர்ஸ் வழியாக, பர்ச்சேஸ் ஆர்டரை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். பணம் சீக்கிரம் வரட்டும் என்று ஃபவுண்டரிக்காரர் அதே பில்லின் பிடிஎஃபை ஹெட் ஆபீஸுக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் பெயரைத் தேடி, கிடைத்த வெண்டர் கோடில், அதாவது சப்ளையருக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு எண்ணில், பதிந்துவிட்டான். அது வேறு கோடு. ஒரே பில்லை இரண்டு முறை பதிந்தால் எங்கள் கணக்கு மென்பொருளான ஈஆர்பி எச்சரிக்கும்தான். ஆனால் அது பார்ப்பது வெண்டர் கோடு, பில் எண், தேதி, தொகை எல்லாம் சேர்ந்து ஒத்துப்போகிறதா என்று. கோடு மாறினால் அதன் கண்ணுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். சத்தமே போடவில்லை.

பெயரை வைத்துத் தேடுவதுதான் எங்கள் பழக்கமாக இருந்தது. ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர்களை வைத்துத் தேடுவதன் கஷ்டம் தேடியவர்களுக்குத் தெரியும். `Sri`, `Sree`, `Shri`, `Shree`. அதற்குப் பிறகு `Lakshmi`, `Lakshmy`, `Laxmi`. கடைசியில் `Engg`, `Engineering`, `Engineers`. ஒரே பெயர்ப்பலகையை 36 விதமாக அடிக்கலாம். முன்னால் ஒரு `M/s.` சேர்த்துவிட்டால் இன்னொரு 36. தேடிக் கிடைக்காதவன் என்ன செய்வான், புதுசாக ஒன்று போட்டுக்கொள்வான். புதுக் கோடு போட எங்களிடம் பத்து நிமிடம்தான் ஆகும்.

அந்த வாரமே வெண்டர் பட்டியல் முழுவதையும் எக்ஸலுக்கு இறக்கினேன். பெயரைத் தொடவே இல்லை. ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பதின்மூன்றாவது, அதே பானில் அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது பெரும்பாலும் `Z`. கடைசி இடம் சரிபார்ப்பு எழுத்து. நடுவில் எதையாவது மாற்றி அடித்தால் பொதுவாக அது காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வேண்டியது நடுவில் இருக்கும் பான் மட்டும்.

```
=MID(B2,3,10)
=COUNTIF(C:C,C2)
```

B-இல் ஜிஎஸ்டி எண். C-இல் போடும் முதல் வரி பானை உருவித் தரும், D-இல் போடும் இரண்டாவது அது எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணும். ஒன்றுக்கு மேல் வந்ததையெல்லாம் டூப்ளிகேட் என்று முடிவு கட்டியிருந்தால் பெரிய குழப்பம் ஆகியிருக்கும். சில இடங்களில் பான் ஒன்று, முதல் இரண்டு இலக்கம் வேறு. கர்நாடகா கிளை, குஜராத் கிளை. அங்கே வரி வெளிமாநிலத்துக்கான ஐஜிஎஸ்டியாக வரும், தனிக் கோடு இருந்தாக வேண்டும். சில இடங்களில் 15 எழுத்தும் ஒன்று, விலாசம் மட்டும் வேறு. குடோன் ஒன்று, ஆபீஸ் ஒன்று. அது ஒரே கோடுக்குக் கீழே இரண்டு விலாசமாக இருக்க வேண்டியது. மீதிதான் நிஜமான டூப்ளிகேட். நம் ஃபவுண்டரி அந்த வகை.

ஜிஎஸ்டி எண்ணே இல்லாதவர்களுக்கு இந்த வழி உதவாது. சின்ன ஜாப் ஒர்க் ஆட்கள், லோடு வண்டிக்காரர்கள், பேக்கிங் பெட்டி செய்பவர்கள். அவர்களைப் பேங்க் அக்கவுண்ட் எண்ணை வைத்துப் பிடித்தேன். அந்த வழியில் ஜிஎஸ்டி உள்ளவர்களிலும் நாலைந்து பேர் சிக்கினார்கள். கோடு போடும்போது ஜிஎஸ்டி கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம், ஒன்றாக்குவதுதான் பாடு. கணக்கு ஓடிய கோடை அழிக்க முடியாது. ஒன்றைப் பிழைக்க வைத்து மற்றதை முடக்க வேண்டும். திறந்திருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் அதிகம் உள்ள கோடையே வைத்துக்கொண்டோம். மற்றதில் நிற்கும் பாக்கியையும் அட்வான்ஸையும் ஜர்னல் போட்டு மாற்றினோம். பழைய கோடின் பெயருக்கு முன்னால் `DO NOT USE` என்று அடித்து, புதுக் கோடு எண்ணையும் பக்கத்தில் எழுதி, பிளாக் செய்தோம். மார்ச் மாதத்தில் இதில் கை வைக்க வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னார். ஆண்டுக் கணக்கு முடிக்க சப்ளையர்களிடம் வாங்கும் பாக்கி உறுதிக் கடிதம் பழைய கோடுக்கும் புதுக் கோடுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு செய்த பிறகு கதவைத் திறந்தே வைத்திருந்தால் ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கதவு யாருடையது என்று பேச ஒரு மீட்டிங் போட்டார்கள். பர்ச்சேஸ் மேனேஜர், "சப்ளையரைத் தேடிப் பிடிச்சது நாங்க, அவர் எங்க ஆளு" என்றார். எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர், "பணம் போறது எங்க கையால, தப்பு வந்தா ஆடிட்டர் எங்களைத்தான் கேட்பார்" என்றார். ஐடி தம்பி, நாங்க ஸ்கிரீன் போட்டுத் தர்றவங்க மட்டும் என்று நழுவினான். ஒரு மணி நேரம் இப்படியே போனது. யாருடைய சப்ளையர் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு முடியவே முடியாது என்பது என் எண்ணம். எந்தக் கட்டம் யாருடையது என்று கேட்டபோதுதான் வழி திறந்தது.

திரையில் இருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். கடன் நாள், டெலிவரி நிபந்தனை, எந்த மெட்டீரியல் வாங்கலாம் என்பதெல்லாம் பர்ச்சேஸ். பான், டிடிஎஸ் பிரிவு, உத்யம் பதிவு, பேங்க் விவரம் அக்கவுண்ட்ஸ். பெயர், விலாசம், ஜிஎஸ்டி எண் ஆகியவையும் புதுக் கோடு திறக்கும் அதிகாரமும் இரண்டு பேர் உட்காரும் ஒரு தனி மேசைக்கு. சப்ளையர் வேண்டும் என்று கேட்பவர் கோடு திறக்கக் கூடாது, திறப்பவர் பேங்க் எண்ணை அங்கீகரிக்கக் கூடாது. பேங்க் அக்கவுண்ட் மாற்றச் சொல்லி மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாமல் நம்மிடம் முன்பே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். சப்ளையரின் மெயிலில் புகுந்து அக்கவுண்ட் எண்ணை மாற்றிப் பணம் பறிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

திரையையும் மாற்றினோம். புதுக் கோடு கேட்கும் படிவத்தில் முதல் கட்டமே ஜிஎஸ்டி எண். அடித்ததும் அதே பானில் ஏற்கெனவே இருப்பவர்களின் பட்டியல் வரும். அதைப் பார்த்து, இது ஏன் தனி என்று காரணம் எழுதினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மெஷினே தடுத்துவிடட்டும் என்று ஐடியில் சொன்னார்கள். குஜராத் கிளைக்காரனை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டதும் விட்டுவிட்டார்கள்.

கஸ்டமர் பக்கம் போனபோது எனக்கு வேறு பாடம். சப்ளையர் டூப்ளிகேட் எல்லாம் சோம்பலில் வந்தவை. டீலர் டூப்ளிகேட் பல இடங்களில் தெரிந்தே போட்டவை. ஒரு டீலருக்குக் கடன் வரம்பு 10 லட்சம். வரம்பு தொட்டதும் சிஸ்டம் ஆர்டரை நிறுத்திவிடும். மாதக் கடைசி, சேல்ஸ் ஆளுக்கு டார்கெட். அதே கடைக்கு, பெயரில் ஒரு `& Co` சேர்த்து இன்னொரு கோடு. அதற்கும் 10 லட்சம். லாரி கிளம்பிவிடும். தாளில் இரண்டு டீலர், கடை ஒன்று, கல்லா ஒன்று. வரம்பைக் கோடிலிருந்து எடுத்துப் பானுக்கு மாற்றினோம். அந்தப் பானில் எத்தனை கோடு இருந்தாலும் எல்லாப் பாக்கியும் சேர்ந்துதான் வரம்பு. சேல்ஸ் ஆட்கள் இரண்டு மாதம் எங்களோடு டீ குடிக்க வரவில்லை.

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மனைவி பெயரில் தனிப் பான், தனி ஜிஎஸ்டி. சட்டப்படி அது வேறு ஆள்தான், எந்தச் சூத்திரமும் பிடிக்காது. டெலிவரி விலாசமும் போன் நம்பரும் ஒன்றாக இருப்பதை வைத்து மேசையில் இருக்கும் பெண் கையால் ஒரு குழு எண் போட்டு இணைக்கிறார். அவர் ஒருநாள் லீவு போட்டால் அன்றைக்கு அந்தக் கண் இல்லை.

இன்னொரு ஓட்டை எங்கள் அவசரத்தால் வந்தது. ஆரம்பத்தில் மேசை ஒரு கோடு திறக்க மூன்று நாள் எடுத்தது. பொறுமையில்லாதவர்கள் எப்போதாவது ஒருமுறை சரக்கு கொடுப்பவர்களுக்கு என்று வைத்திருந்த பொதுக் கோடில் பில்லைப் போட ஆரம்பித்தார்கள். அந்தக் கோடில் யார் யார் என்ற விவரமே நிற்காது. மாதாமாதம் அதை பேங்க் எண் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். ஒரே அக்கவுண்டுக்கு மூன்று தடவை போயிருந்தால் தனிக் கோடு. மேசைக்கும் நான்கு மணி நேரம் என்று கெடு வைத்தோம். அப்புறம்தான் கூட்டம் குறைந்தது.

போன ஆண்டு அந்த ஃபவுண்டரியிலிருந்தே ஒரு படிவம் வந்தது. பார்ட்னர்ஷிப்பைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியிருந்தார்கள். பானின் நான்காவது எழுத்து `F` போய் `C` வந்திருந்தது, ஜிஎஸ்டி எண்ணும் புதுசு. அதே ஷெட், அதே உலை, அதே மனிதர், ஆனால் வேறு ஆள். இந்த முறை இரண்டாவது கோடு நியாயமாகவே வேண்டும். பழைய கோடில் என்ன பாக்கி, எந்த ஆர்டர் இன்னும் திறந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு இனி பில் ஏறாதபடி முடக்கிவிட்டு, புதியதைத் திறந்தோம். உறுதி செய்யக் கூப்பிட்டபோது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இந்தத் தடவையும் ரெண்டு பேமெண்ட் வருமா சார்?"