பதினான்கு மெயில் திட்டமிட்டும் நகராத பில்லிங் பிரிவு

பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுவதற்கு ஆறு வாரம் இருந்தபோது, ஊழியர்களுக்கான தகவல் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நானும் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். என்ன செய்தி, எந்தத் தேதி, மெயிலா, கூட்டமா, நோட்டீஸ் போர்டா என்று எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருந்தது. மொத்தம் பதினான்கு மெயில், இரண்டு பயிற்சி வகுப்பு, ஒரு வீடியோ. பார்க்க அழகாக இருந்தது, மேலதிகாரியும் உடனே சரி சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைப் படிக்கிறவர் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறார், படித்த பிறகு எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் அதில் ஒரு பத்திகூட இல்லை.

நான்காவது மெயில் போன பிறகு பில்லிங் பிரிவுக்கு நேரில் போய், புது சிஸ்டம் எப்போது வருகிறது தெரியுமா என்று கேட்டேன். தேதியை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். எதற்காக மாற்றுகிறோம் என்று கேட்டதற்கு ஒருவர், "மேலிடத்துக்கு வேறு வேலை இல்லை சார்" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அப்போதுதான் வேறு பிரிவில் இருந்த ஒரு நண்பர் அட்கார் முறையைப் பற்றிச் சொன்னார். நிறுவன மாற்றங்களுக்கு வழிகாட்டும் ப்ரோசை நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹயாட் உருவாக்கிய முறை இது. ஒரு மாற்றம் நிறுவனத்தில் நடப்பதாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒவ்வொரு ஆளுக்குள்ளும் தனித்தனியாகத்தான் நடக்கிறது, அதுவும் ஐந்து படிகளில் வரிசையாக நடக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. முதலில் ஏன் மாறுகிறோம் என்ற விழிப்பு. அடுத்து, சரி, நானும் வருகிறேன் என்ற விருப்பம். பிறகு எப்படிச் செய்வது என்ற அறிவு. அதன் பிறகு அதைக் கையால் செய்து காட்டும் திறன். கடைசியாக, பழைய வழக்கத்துக்குத் திரும்பாமல் இருப்பதற்கான உறுதிப்படுத்தல். இந்த ஐந்து படிகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அட்கார்.

கேட்கும்போது இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றியது. விஷயம் அந்த வரிசையில் இருக்கிறது. ஒருவரிடம் ஒவ்வொரு படிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கி முதல் படியிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். 3 அல்லது அதற்குக் கீழே முதலில் எந்தப் படியில் விழுகிறதோ அதுதான் அவருடைய தடை. அதற்கு மேலே உள்ள படிகளுக்காக நாம் செய்யும் எதுவும் அவருக்குள் இறங்காது. விருப்பத்தில் நின்றுபோனவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினால் அவர் வந்து உட்காருவார், டீ குடிப்பார், எழுந்து போய்விடுவார்.

முப்பத்தோரு பேரிடம் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிச் சின்ன படிவம் ஒன்று கொடுத்து வாங்கினேன். இங்கே ஒரு தப்பு செய்தேன். முதலில் சராசரி போட்டுப் பார்த்தேன். விருப்பம் மூன்றரை, அறிவு இரண்டு. அப்படியானால் பிரச்சினை அறிவில்தான், இன்னும் நாலு பயிற்சி வகுப்பு வைத்தால் முடிந்தது என்று கிட்டத்தட்ட முடிவே எடுத்துவிட்டேன். பயிற்சியே தொடங்காத நேரத்தில் எல்லோருக்கும் அறிவு குறைவாகத்தானே இருக்கும்! அது ஒரு கண்டுபிடிப்பே இல்லை. படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் தடை எங்கே என்று குறித்தபோது படம் மாறிவிட்டது. ஆறு பேர் விழிப்பிலேயே நிற்கிறார்கள், பதினான்கு பேர் விருப்பத்தில், மீதி பதினொரு பேர்தான் அறிவில். அதாவது நான் திட்டமிட்ட பயிற்சி உடனே பயன்படக்கூடியது மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான்.

விருப்பம் ஏன் இல்லை என்று மதிப்பெண் சொல்லாது. நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. பொதுவாக எல்லோரும் சொன்னது வேகம். பழைய சிஸ்டத்தில் மவுஸைத் தொடாமல் எஃப் கீகளை வைத்தே ஒரு பில்லை முடித்துவிடுவார்கள், திரையைக்கூடப் பார்க்க மாட்டார்கள், புதியதில் ஒவ்வொரு கட்டத்தையும் கிளிக் செய்ய வேண்டும். நியாயமான குறைதான், ஆனால் அதைச் சொன்ன குரலில் அவ்வளவு வேகம் இல்லை. நாள்பட்ட அனுபவம் உள்ள ஒரு அக்கா, பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில்தான் உண்மையைச் சொன்னார்.

"பழசுல ஒரு பில் தப்பாப் போட்டா திறந்து திருத்திடுவேன் தம்பி. யாருக்கும் தெரியாது. இதுல திருத்தவே முடியாதாம், கிரெடிட் நோட் போட்டு ரத்து பண்ணணுமாம், அதுல என் பேரும் நேரமும் பதிவாகுமாம். மாசக் கடைசியில யார் எத்தனை தப்பு செஞ்சாங்கன்னு லிஸ்ட் எடுப்பீங்க, அப்படித்தானே?"

அந்தப் பதிவு ஆடிட்டுக்காக வைத்தது. ஆட்களை எடைபோட அதைப் பயன்படுத்துவதாக யாரும் நினைக்கவில்லை. ஆனால் பயன்படுத்த மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. நான் அனுப்பிய நாலு மெயிலிலும் 'முழுமையான கண்காணிப்பு வசதி' என்பதைச் சிறப்பம்சமாகப் போட்டிருந்தேன்! நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய பெருமையை அப்படியே வெட்டி ஊழியர்களுக்கு ஒட்டியிருக்கிறேன். பயத்தை நானே கிளப்பிவிட்டு, அதைப் போக்கப் பயிற்சி வகுப்பு நடத்தப் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தைத் திரும்ப எழுதியபோது எண்ணிக்கையைவிட யார் சொல்வது என்பதுதான் அதிகம் மாறியது. நிறுவனம் ஏன் மாறுகிறது என்பதை மேலதிகாரி சொன்னால் கேட்பார்கள், எனக்கு என்ன ஆகும் என்பதை அன்றாடம் பார்க்கிற சூப்பர்வைசர் சொன்னால்தான் நம்புவார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் திட்டக்குழு என்ற பெயரில் வரும் மெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே விழிப்புக்கான செய்தியை நிதித் தலைவர் பத்து நிமிடம் நேரில் பேசினார். திருத்தப்பட்ட பில்லும் வாடிக்கையாளர் கையில் உள்ள பில்லும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு மாதமும் கணக்குப் பிரிவு எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறது என்று இரண்டு உண்மையான பில்களை வைத்துக் காட்டினார். புது சிஸ்டத்தின் வசதிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வசதிகள் விழிப்பைத் தராது, பழையபடியே இருந்தால் என்ன கெடும் என்பதுதான் தரும்.

விருப்பத்துக்கு ஒரே ஒரு கடிதம், நிதித் தலைவர் கையெழுத்தோடு: முதல் மூன்று மாதம் திருத்தப் பதிவைப் பணி மதிப்பீட்டுக்கு எடுக்க மாட்டோம், தனிநபர் பட்டியலும் போட மாட்டோம். இதைச் சூப்பர்வைசர்கள் தங்கள் ஆட்களை நாலைந்து பேராக உட்கார வைத்துப் படித்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு சூப்பர்வைசர்களுக்கே ஒரு படிவம் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு விருப்பம் 2. தானே நம்பாத ஒன்றை அவர் எப்படி இன்னொருவரிடம் சொல்வார்? அவர்களோடு உட்கார்ந்து பேசவே ஒரு வாரம் போனது. என் தேதிகள் எல்லாம் தள்ளிப்போயின, மேலதிகாரி முகம் சுளித்தார்.

பயிற்சியை முதலில் மூன்று வாரம் முன்னால் வைத்திருந்தேன். அதைப் புது சிஸ்டம் தொடங்கும் நாளுக்கு நாலு நாள் முன்னால் என்று நகர்த்தினேன். கற்றதும் கை பழகாவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். பயிற்சிக்கென்று மாதிரி பில் எதுவும் வைக்கவில்லை, போன மாதம் அவர்களே போட்டதில் தகராறு செய்த பத்து பில்களை எடுத்துப் புதியதில் போடச் சொன்னோம். பாதி ரிட்டர்ன், இரண்டு தள்ளுபடி சேர்ந்தது, முன்பணம் கழித்தது, இப்படி. அங்கேதான் ஒருவர் கேட்டார், மாறும் நாளுக்கு முன் பழையதில் போட்ட பில்லுக்கு அப்புறம் ரிட்டர்ன் வந்தால் கிரெடிட் நோட்டை எதில் போடுவது என்று. எங்கள் பதினான்கு மெயிலிலும் அதற்குப் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்கே ஒரு பக்கத் தாள் தயாரித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினோம். பிறகு அதிகம் பயன்பட்ட காகிதம் அதுதான்.

மாறிய நாள் பெரிய களேபரம் இல்லாமல் போனது, சரக்கு அனுப்பும் பிரிவைத் தவிர. அவர்கள் பில் போடுவதில்லை, பில்லைப் படிக்கிறவர்கள். பில் எண்ணின் அமைப்பு மாறிவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சரக்கோடு பில்லைச் சரிபார்க்க முடியாமல் காலை முழுக்க எனக்குத்தான் போன். யார் சிஸ்டத்தில் உட்காருகிறார்கள் என்று மட்டும் பட்டியல் போட்டது என் தவறு.

மூன்றாவது வாரம், எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் செய்திகளை நிறுத்தியிருந்த நேரம். பெயர் இல்லாமல் வெறும் நேரவாரியாகப் பில்களின் எண்ணிக்கையைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பில்லே குறைவு, ஐந்து மணிக்கு மேல் ஒரேயடியாகக் குவிகிறது. வாடிக்கையாளர்கள் அப்படி வருவதில்லையே! நேரில் போய்ப் பார்த்தால் கூட்டமான நேரத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுகிறார்கள்.

உடனே கண்டிப்பாக ஒரு மெயில் போட வேண்டும் என்றுதான் மேலிருந்து சொன்னார்கள். உறுதிப்படுத்தல் என்றால் அப்படித்தான் என்று எனக்கும் தோன்றியது. நல்ல வேளை, அன்று அந்த அக்கா பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். வாடிக்கையாளரைத் தேட அவர் பழைய நாலு இலக்க எண்ணை அடிக்கிறார், வருவதில்லை. பிறகு பெயரை அடிக்கிறார், அதே பெயரில் ஒன்பது பேர் வருகிறார்கள். முன்னால் நிற்பவர் பொறுமை இழக்கிறார், நோட்டு திறக்கிறது. விருப்பம் இருந்தது, செய்முறையும் தெரிந்திருந்தது. தடை திறனில் இருந்தது, அதுவும் அவருடைய கையில் இல்லை, எங்கள் தேடல் கட்டத்தில் இருந்தது.

பழைய எண்ணைக் கூடுதல் கட்டமாகச் சேர்த்து அதிலும் தேடும்படி செய்ய மென்பொருள் ஆட்களுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த வாரத்துக்கான ஒரே செய்தியை சூப்பர்வைசர்கள் வாயால் சொன்னார்கள்: பழைய நம்பரே அடிங்க, வரும். அடுத்த வாரம் சாயங்காலக் குவியல் பெரும்பாலும் கரைந்திருந்தது. அக்காவின் மேசையில் நோட்டு இன்னமும் இருக்கிறது, நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.