வளாகச் சுவர் வரைக்கும் நகரம்

2009 கடைசியில் நான் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக டிசம்பர் 31-க்குப் பிறகு எல்லைகளை மாற்றக் கூடாது. அதற்குள் எங்கள் நகராட்சியை ஒட்டியுள்ள அவுட்குரோத்துகளைப் பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். கோப்பு என் மேஜைக்கு வந்தது.

நகராட்சிக்கு வெளியே, பக்கத்து வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள், நகரத்தோடு ஒட்டி வளர்ந்திருக்கும் ரயில்வே காலனி, பல்கலைக்கழக வளாகம் போன்றவைதான் அவுட்குரோத். தார்ச்சாலை, மின்சாரம், குழாய்த் தண்ணீர், வடிகால், அஞ்சலகம், வங்கி என்று நகர வசதிகள் அங்கே இருக்க வேண்டும். ஊராட்சியாக உள்ள ஓர் ஊரை நகரமாகக் கொள்ளக் கணக்கெடுப்பு கேட்கும் 5,000 மக்கள்தொகை, உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்பது போன்ற நிபந்தனைகள் இதற்குக் கிடையாது.

ரயில்வே காலனியில் சிக்கலே இல்லை. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நகராட்சித் தெரு. பல்கலைக்கழகத்தில்தான் திணறினேன். முதல் வரைவில் வளாகம் இருக்கும் கிராமம் முழுவதையும் அவுட்குரோத் என்று எழுதிவிட்டேன். கிராம நிர்வாக அலுவலர் புல வரைபடத்தை விரித்து, "இதுல பாதிக்கு மேல நஞ்சைங்க, இதையும் டவுன்ல சேர்ப்பீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் இருவரும் சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்தோம். வளாகத்துக்குள் வங்கி, அஞ்சலகம், மருந்தகம் எல்லாம் இருந்தன. வடக்குச் சுவரைத் தாண்டியதும் நெல் வயல். சுவருக்கு உள்ளே வரும் சர்வே எண்களை மட்டும் தனியாக எழுதினோம். நகரத்துக்கு வளாகம், மீதிக் கிராமம் கிராமமாகவே இருக்கும் என்று வரைவைத் திருத்தினேன். இன்னொரு குடியிருப்பிலும் எல்லா வசதியும் உண்டு. ஆனால் அதற்கும் நகராட்சிக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் வயல். ஒட்டி இல்லாததால் அதை விட்டுவிட்டோம்.

பல்கலைக்கழக வளாகக் குடியிருப்பில் ஒரு பேராசிரியர் கவலையோடு கேட்டார்: "அப்போ இனிமே நகராட்சிக்கு வரி கட்டணுமா சார்?" கட்ட வேண்டாம். உள்ளாட்சி பழையபடி ஊராட்சிதான், ஓட்டும் அங்கேதான். கணக்கெடுப்பு அட்டவணையில் மட்டும் நகரத்தின் கடைசி வார்டுக்கு அடுத்த எண் வளாகத்துக்குக் கிடைக்கும். அந்த வார்டுக்குக் கவுன்சிலர் கிடையாது.

எனக்கிருந்த பயம் வேறு. கிராமத்துக் கணக்கெடுப்பாளரும் நகரத்துக் கணக்கெடுப்பாளரும் ஒரே விடுதியை எண்ணிவிடலாம். இல்லை, இருவருமே விட்டுவிடலாம். அதனால் வரைபடத்தில் சுவரைச் சிவப்பு மையில் வரைந்து, வாசல்களையும் விடுதிகளையும் குறித்து இணைத்தேன்.

முடிவுகள் வெளியானபோது முதலில் தேடியது அந்த இரண்டு வரிகளைத்தான். நகரத்தின் வார்டுகளுக்குக் கீழே வளாகத்தின் பெயர், பக்கத்தில் (OG). ஊரகப் பட்டியலில் அதே கிராமம், பக்கத்தில் (Part).