ஏழு ஸ்டேட் மூண்டான கதை, இம்ப்ளிகேஷன் டேபிளில நான் பட்டபாடு

டிஜிட்டல் லேப் ப்ராஜெக்ட்டுக்கு எங்களுக்கு விழுந்தது போத்தல் எண்ணுற மெஷின். பெல்ட்டில போத்தல் வரும், சென்சர் ஒரு போத்தலுக்கு ஒரு க்ளொக் மட்டும் x=1 குடுக்கும், முதல்ல கேட்டது என்னண்டா மூண்டு போத்தல் இடப்பக்கப் பெட்டிக்கு, அடுத்த மூண்டு வலப்பக்கப் பெட்டிக்கு, இப்பிடி மாறி மாறித் தள்ளோணும். நானும் பார்ட்னரும் வெள்ளவத்தை அனெக்ஸில இருந்து ஸ்டேட் டயகிராம் கீறினம், ஆரம்பத்துக்கு ஒண்டு, இடப்பக்கம் ஒண்டு வந்தாச்சு, ரெண்டு வந்தாச்சு, பிறகு வலப்பக்கம் அதே மாதிரி, ஆறும் முடிஞ்சா இன்னொண்டு, மொத்தம் ஏழு. ரெண்டாவது கிழமை வந்து ஒரே பெட்டி போதும், ஒவ்வொரு மூண்டாவது போத்தலுக்கும் ஒரு தள்ளு, அவ்வளவுதான் எண்டு சொல்லிட்டாங்கள். நாங்கள் செய்தது என்ன தெரியுமே, இடது வலது எண்டு இருந்த ரெண்டு அவுட்புட்டையும் z எண்டு ஒண்டாக்கிட்டு டேபிளை அப்பிடியே வச்சிருந்தம். இதுதான் அது, சரிஞ்ச கோட்டுக்குப் பிறகு வாறது அவுட்புட் z.

```
      x=0    x=1
A     A/0    B/0
B     B/0    C/0
C     C/0    D/1
D     D/0    E/0
E     E/0    F/0
F     F/0    G/1
G     G/0    B/0
```

ஏழு ஸ்டேட்டுக்கு மூண்டு ஃப்ளிப் ஃப்ளாப் வேணும். எந்த ஸ்டேட்டுக்கு 000, எதுக்கு 101 எண்டு கோட் குடுக்கிறதிலயே ரெண்டு இரவு போச்சு, ஒவ்வொரு தரமும் கார்னோ மேப் புதுசாக் கீறி ஈக்குவேஷன் நீளுதா குறையுதா எண்டு பாக்கிறது, பிறகு அழிக்கிறது. பிற்பாடு கணக்குப் பாத்தன், ஏழு ஸ்டேட்டை மூண்டு பிட்டில வைக்க, பிட்டை இடம் மாத்துறதையும் தலைகீழாக்குறதையும் வேற வேற எண்டு எண்ணாமலே 840 வழி இருக்கு. அதில நாங்கள் ஒரு அஞ்சாறு பாத்திருப்பம்.

மேல் வீட்டில இருக்கிற அண்ணா ஒருத்தர் ஹார்ட்வேர் வேலை செய்யிறவர், தண்ணி மோட்டர் போட கீழ வந்தவர் கொப்பியைப் பாத்திட்டு "தம்பி, உந்த ஏழும் வேணுமோ?" எண்டு கேட்டார். நான் வலு நம்பிக்கையா "ஓம் அண்ணா, ஒரே மாதிரி வரிசை ஒண்டும் இல்லை, பாத்திட்டம்" எண்டன். உண்மைதான், அடுத்த ஸ்டேட்டும் அவுட்புட்டும் அப்பிடியே ஒத்துப் போற ரெண்டு வரிசை இந்த டேபிளில இல்லை. A-யையும் G-யையும் பாருங்கோ, x=1 வந்தா ரெண்டும் B-க்குத்தான் போகுது, ஆனா x=0-க்கு A தன்னட்டயே நிக்குது, G-யும் தன்னட்டயே நிக்குது, எழுத்தில பாத்தா வேற வேற. இப்பிடி தனக்குத்தானே சுத்துற ஸ்டேட் இருந்தா வரிசை பொருத்திப் பாக்கிறது கண்ணை மறைச்சிடும். அண்ணா ஒண்டும் சொல்லேல்ல, "இம்ப்ளிகேஷன் டேபிள் போட்டிட்டு வா" எண்டிட்டு மேல போயிட்டார்.

போட்டன். இடப்பக்கம் B-யில இருந்து G வரை, கீழ A-யில இருந்து F வரை, படிக்கட்டு மாதிரி 21 கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒரு சோடி. முதல் சுத்தில அவுட்புட் மட்டும் பாக்கிறது. C-யும் F-ம் மட்டும்தான் x=1-க்கு z=1 குடுக்குது, அப்ப இந்த ரெண்டில ஒண்டு மற்ற அஞ்சில ஒண்டோட சேருற 10 கட்டமும் உடனே வெட்டு. மிச்சம் 11 கட்டத்திலயும் "இவை ரெண்டும் ஒண்டாகோணும் எண்டா வேற எந்தச் சோடி ஒண்டாகோணும்" எண்டதை எழுதோணும். x=0-க்கு எல்லாம் தன்னட்டயே நிக்கிறதால அந்தச் சோடி தன்னைத்தானே கேக்குது, அதை எழுதத் தேவையில்லை. A-B கட்டத்தில BC எண்டு வரும், ஏனெண்டா x=1-க்கு A போறது B-க்கு, B போறது C-க்கு. A-G-யில கேக்க ஒண்டுமே இல்லை, அதுக்குச் சரி போடலாம்.

ரெண்டாவது சுத்தில, கட்டத்துக்குள்ள எழுதின சோடி ஏற்கனவே வெட்டுப்பட்டிருந்தா இந்தக் கட்டமும் வெட்டு. BC வெட்டுப்பட்டது, அதால A-B-யும் B-G-யும் போச்சு. BF-ஆல A-E, E-G போச்சு, CE-ஆல B-D, EF-ஆல D-E. ஆறு கட்டம். டேபிள் இப்ப இப்பிடி நிக்குது, XX எண்டது முதல் சுத்தில வெட்டினது, பக்கத்தில X போட்டது ரெண்டாவது சுத்தில வெட்டினது:

```
B | BC X
C | XX    XX
D | BE    CE X  XX
E | BF X  CF    XX    EF X
F | XX    XX    DG    XX    XX
G | OK    BC X  XX    BE    BF X  XX
    A     B     C     D     E     F
```

இதுக்குள்ளதான் நான் விழுந்தது. மிச்சம் இருக்கிற அஞ்சில A-G மட்டும் சரி. B-E என்ன கேக்குது? C-F ஒண்டாகோணுமாம். C-F என்ன கேக்குது? D-G. D-G என்ன கேக்குது? திரும்ப B-E! கந்தோரில ஒரு கடதாசிக்கு அலையிற மாதிரி, இவர் அவரிட்ட அனுப்புறார், அவர் திருப்பி இவரிட்டயே அனுப்புறார். A-D-யும் போய் B-E-யிலதான் தொங்குது. ஒண்டும் நிரூபணமாகேல்லையே எண்டு நான் அந்த நாலையும் வெட்டிட்டு, A-யையும் G-யையும் மட்டும் சேத்து, ஏழு ஆறாச்சு எண்டு மேல கொண்டுபோய்க் காட்டினன். ஆறு ஸ்டேட்டுக்கும் மூண்டு ஃப்ளிப் ஃப்ளாப்தான் வேணும் எண்டது பிறகுதான் மண்டையில அடிச்சுது.

அண்ணா கேட்டது ஒண்டே ஒண்டு. "B-யையும் E-யையும் வெட்டினியே, ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற இன்புட் ஒண்டு எழுது பாப்பம்." எழுதப் பாத்தன். B-யில துவங்கி 1 1 1 1 குடுத்தா z வாறது 0 1 0 0, E-யில துவங்கினாலும் 0 1 0 0. இடையில 0 சொருகினன், அதுவும் ஒண்டுதான். எந்த வரிசையைக் குடுத்தாலும் சோடி B-E, C-F, D-G எண்டு சுத்திக்கொண்டே இருக்கு, இந்த மூண்டு சோடியிலயும் ஒரு இடத்திலயும் அவுட்புட் வேறுபடேல்ல, அப்ப எந்தக் காலத்தில வித்தியாசம் வெளிய தெரியப் போகுது? வெட்டுறதுக்குத்தான் காரணம் வேணும், விடுறதுக்குக் காரணம் தேவையில்லை. ஒரு முழுச் சுத்துச் சுத்தி வந்தும் புதுசா ஒண்டும் வெட்டுப்படேல்லையா, மிச்சம் நிக்கிறது எல்லாம் சமன். வெட்டின கட்டத்துக்கு இது நேரெதிர், அங்க பிரிக்கிற இன்புட் கட்டாயம் இருக்கும். A-B ரெண்டாவது சுத்தில வெட்டுப்பட்டது எண்டா ரெண்டு பிட்டில பிரிக்கலாம், 1 1 குடுத்துப் பாருங்கோ, A-யில 0 0, B-யில 0 1.

அப்ப நிக்கிறது A-D, A-G, D-G, B-E, C-F. கூட்டம் சேத்தா A D G ஒண்டு, B E ஒண்டு, C F ஒண்டு. மூண்டே மூண்டு.

இதில ஒரு சோதனை இருக்கு, எனக்கு உதவினது எண்டபடியாச் சொல்றன். பார்ட்னர் தன்ர கொப்பியில தனியாப் போட்டவன், அவனுக்கு A-D வெட்டுப்பட்டிருந்தது, ஆனா A-G-யும் D-G-யும் உயிரோட நிண்டுது. A-யும் G-யும் சமன், G-யும் D-யும் சமன், ஆனா A-யும் D-யும் சமனில்லை எண்டு வரவே ஏலாது. தேடிப் பாத்தா A-D கட்டத்தில BE எழுத வேண்டிய இடத்தில BF எழுதி வச்சிருக்கிறான், வரிசை மாறி வாசிச்சிட்டான். ஸ்டேட் டேபிளில எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தா மட்டும்தான் இந்தச் சோதனை சரிவரும், எங்கயாவது என்ன வந்தாலும் பரவாயில்லை எண்டு விட்ட டோன்ட் கேர் இருந்தா சோடி சோடியாப் பொருந்திப் போகும், மூண்டையும் ஒண்டாச் சேர்க்க ஏலாமல் வரலாம், அது வேற கரைச்சல். (இந்தப் படிக்கட்டு டேபிளை 1959இல பால், அங்கர் எண்ட ரெண்டு பேர் எழுதினதே அப்பிடி நிரம்பாத டேபிளுக்காகத்தான்.)

இனித்தான் கோட் குடுக்கிறது. மூண்டு ஸ்டேட், ரெண்டு பிட், அதே கணக்கில 840 இருந்த இடத்தில இப்ப 3 வழிதான். A கூட்டத்துக்கு 00, B கூட்டத்துக்கு 01, C கூட்டத்துக்கு 10, பாவிக்காத 11-ஐ டோன்ட் கேர் ஆக்கினம். C-க்கு 10-க்குப் பதிலா 11 குடுத்தும் போட்டுப் பாத்தம், ஈக்குவேஷன் அதே நீளம்தான், அதால மினக்கெடேல்ல. கீழ y1, y0 எண்டது இப்ப நிக்கிற கோட்டின்ர ரெண்டு பிட், D1, D0 எண்டது அடுத்த க்ளொக்கில வரப்போற பிட்.

```
D1 = x·y0 + x'·y1
D0 = x'·y0 + x·y1'·y0'
z  = x·y1
```

ஒரு 7474 சிப்புக்குள்ளயே ரெண்டு ஃப்ளிப் ஃப்ளாப் இருக்கு, அப்ப ஒண்டே போதும். 100 பஸ் பிடிச்சு பெட்டாவுக்குப் போய் சாமான் எடுத்து வந்து ப்ரெட்போர்டில குத்தியாச்சு.

வேலை செய்தது, ஆனா சில நேரம் பவர் போட்டவுடன முதல் போத்தலுக்கே தள்ளுது, ரெண்டாவதுக்கும் தள்ளுது, அதுக்குப் பிறகு ஒழுங்கா மூண்டுக்கு ஒண்டு. லூஸ் வயர் எண்டு ஒரு மணித்தியாலம் ஆட்டி ஆட்டிப் பாத்தம். பிறகு பார்ட்னர்தான் சொன்னான், "மச்சான், 11-ஐ ஈக்குவேஷனில போட்டுப் பார்." போட்டா, x=0-க்கு D1-ம் D0-ம் ரெண்டும் 1, அதாவது போத்தல் வரும்வரை 11-லயே குந்தியிருக்கும். x=1 வந்தா z=1, அடுத்த ஸ்டேட் 10. அங்கயும் x=1-க்கு z=1, பிறகுதான் 00. ரெண்டு தள்ளுக்கும் கணக்குச் சரி. டேபிளில இல்லாத ஸ்டேட்டை நாங்கள் டோன்ட் கேர் எண்டு விட்டாலும் ஃப்ளிப் ஃப்ளாப் பவர் வரேக்க அதிலயும் எழும்பும். ஒரே ஒரு தள்ளு முதல் போத்தலில வந்தா அது 10-ல எழும்பியிருக்கு, ரெண்டாவது போத்தலில வந்தா 01-ல.

நாங்கள் க்ளியர் பின் ரெண்டையும், 1-ம் 13-ம், பிரீசெட் பின்களோட சேத்து நேரா 5 வோல்ட்டில கட்டி வச்சிருந்தம். க்ளியரை மட்டும் பிரிச்சு 10 கிலோஓம் புல்-அப்பும் கிரவுண்டுக்கு ஒரு புஷ் பட்டனும் போட்டு, பவர் போட்டவுடன ஒருக்கா அமத்தினா 00-ல இருந்து துவங்குது. டெமோ அண்டைக்கு அந்தப் பட்டனை அமத்த மறக்கக்கூடாது எண்டு பார்ட்னர் தன்ர உள்ளங்கையில பேனாவால எழுதிக்கொண்டு வந்தவன்.